கடிதம் கொடுத்தால் ஆட்சி போய்விடுமா?

கேள்வி: எங்கள் கட்சிதான் மாநிலத்தை ஆள்கிறது. எங்கள் எம்.எல்.ஏ.க்களில் சிலர் ஆதரவை விலக்கிக்கொள்வதாக ஆளுநரிடம் கடிதம் கொடுத்துவிட்டார்கள். அதை வைத்தே மத்திய அரசு ஆட்சியைக் கலைத்துவிட முடியுமா? முதல்வர் ராஜினாமா செய்துவிட்டு வழக்குப் போடலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். சரியா?

பதில்: ராஜினாமா மட்டும் வேண்டாம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

கர்நாடகத்தில் 1989 ஏப்ரலில் நடந்ததும் இதுதான். பத்தொன்பது எம்.எல்.ஏ.க்களின் கடிதங்களை ஆதாரமாக வைத்து, முதல்வர் எஸ்.ஆர். பொம்மையின் அரசு பெரும்பான்மை இழந்துவிட்டதாக ஆளுநர் அறிக்கை அனுப்பினார். மறுநாளே அவர்களில் ஏழு பேர் பின்வாங்கினார்கள். சபையைக் கூட்டிப் பலத்தை நிரூபிக்கத் தயார் என்று முதல்வரும் சொன்னார். ஆளுநர் ஏற்கவில்லை. ஏப்ரல் 21 அன்று, குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவரும் சட்டப்பிரிவு 356-ன் கீழ் ஆட்சி கலைந்தது. ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த உச்ச நீதிமன்றம் 1994 மார்ச் 11 அன்று அதைச் செல்லாது என்றது. ஓர் அரசுக்குப் பெரும்பான்மை இருக்கிறதா என்பதைச் சட்டப்பேரவையில் எண்ணித்தான் பார்க்க வேண்டும். ஆளுநர் மாளிகையில் அல்ல. கையெழுத்தை மிரட்டியும் வாங்கலாம், விலை கொடுத்தும் வாங்கலாம் என்பதால் கடிதத்துக்கு அந்த மதிப்பு கிடையாது. வன்முறையால் சபையே கூட முடியாத சூழல் போன்றவை அரிதான விதிவிலக்குகள்.

அதே தீர்ப்பில் உங்களுக்குப் பயன்படும் இன்னொன்றும் உண்டு. குடியரசுத் தலைவர் ஆட்சிப் பிரகடனம் வந்தவுடன் சபையைக் கலைத்துவிட முடியாது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒப்புதல் தரும்வரை முடக்கி வைக்க மட்டுமே முடியும். அந்த ஒப்புதலுக்கு இரண்டு மாதம் அவகாசம். மத்தியில் ஆள்பவர்களுக்கு மாநிலங்களவையில் பலமில்லை என்றால், இந்த ஒரு நிபந்தனையே பெரிய தடை. பிரகடனம் செல்லாது என்று தீர்ப்பானால், நீதிமன்றம் பழைய அரசையும் சபையையும் மீட்டுத் தரலாம்.

ஆனால் வாக்கெடுப்பு வந்துவிட்டால் வென்றுவிடுவோம் என்றும் இருந்துவிடாதீர்கள். யார் வாக்களிக்கிறார்கள் என்பதில்தான் முடிவே இருக்கிறது. உத்தரகாண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 மார்ச் 28-க்குள் பலத்தை நிரூபிக்க ஆளுநர் கெடு விதித்திருந்தார். அதற்கு முந்தைய நாளே குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. ஏப்ரல் 21-ல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மறுநாள் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. பிறகு அதன் உத்தரவுப்படியே மே 10 அன்று வாக்கெடுப்பு நடந்தது. அந்த வாக்கெடுப்புக்காகவே குடியரசுத் தலைவர் ஆட்சி இரண்டு மணி நேரம் விலக்கி வைக்கப்பட்டது.

சபையில் நியமன உறுப்பினரோடு சேர்த்து 71 பேர். கட்சி மாறிய ஒன்பது பேரைச் சபாநாயகர் தகுதிநீக்கம் செய்திருந்தார். தங்களை வாக்களிக்க அனுமதிக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டது நீதிமன்றங்களில் எடுபடவில்லை. மீதி 62. வாக்குகள் சமமானால் மட்டுமே சபாநாயகர் வாக்களிப்பார் என்பதால் 61. முதல்வர் ஹரிஷ் ராவத்துக்கு 33, எதிராக 28. அந்த ஒன்பது பேரும் எதிர்த்து வாக்களித்திருந்தால் கணக்கு 33-க்கு 37, அரசு கவிழ்ந்திருக்கும். ஆகவே உங்கள் கட்சியின் கொறடா உத்தரவு முறையாக எழுத்தில் போய்ச் சேர்ந்ததா, தகுதிநீக்க மனுவில் எதிர்த்தரப்புக்கு விளக்கம் சொல்ல உரிய அவகாசம் கிடைத்ததா என்பதை இன்றே பாருங்கள். அவசரத்தில் செய்த தகுதிநீக்கம் நீதிமன்றத்தில் உடைந்தால், கணக்கும் அதோடு உடையும்.

இனி ராஜினாமா. மகாராஷ்டிரத்தில் 2022 ஜூன் 29 அன்று, மறுநாள் வாக்கெடுப்பு என்ற நிலையில் முதல்வர் உத்தவ் தாக்கரே பதவி விலகினார். வாக்கெடுப்புக்கு ஆளுநர் அழைத்ததே தவறு, கட்சிக்குள் அதிருப்தி என்பது அரசு பெரும்பான்மை இழந்ததற்கு ஆதாரமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 மே 11 அன்று சொன்னது. ஆனாலும் பதவியைத் திருப்பித் தரவில்லை. வாக்கெடுப்பைச் சந்திக்காமல் தாமாகவே விலகியவரை எப்படி மீட்பது? சட்டம் பக்கத்தில் இருந்தும் நாற்காலி போனது அப்படித்தான்.

எனவே முதல்வர் இப்போதே, சபையைக் கூட்டிப் பலத்தை நிரூபிக்கத் தயார் என்று தேதி குறிப்பிட்டு ஆளுநருக்கு எழுதட்டும். ஒப்புகைச் சீட்டை வாங்கிவைக்கட்டும். பொம்மை வழக்கில் எடுபட்டது அந்த வாக்குறுதிதான். பிரகடனம் வந்துவிட்டால் காத்திராமல் உயர் நீதிமன்றத்தில் சட்டப்பிரிவு 226-ன் கீழ் மனுப் போடுங்கள். மனுவில் இடைக்காலமாக இரண்டு உத்தரவுகள் கேளுங்கள்: சபையைக் கலைக்கக் கூடாது, புதிய தேர்தலை அறிவிக்கக் கூடாது. பீகார் சபையைக் கலைத்தது செல்லாது என்று 2005 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னபோதும் அந்தச் சபை மீளவில்லை. அதற்குள் அங்கே தேர்தல் வேலைகள் வெகுதூரம் போய்விட்டிருந்தன.