இரவில் எழுந்ததும் விழும் அப்பா

"பிரஷர் சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அப்பா இரவில் கழிவறைக்கு எழும்போதெல்லாம் விழுகிறார்."

நின்ற நிலையிலும் அளந்து பாருங்கள். ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒரு முறையும், எழுந்து நின்ற 1, 3ஆம் நிமிடங்களில் மீண்டும் அளவெடுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், அதுவே காரணமாக இருக்கலாம். அளக்கும்போது ஒருவர் அவரைத் தாங்கிக்கொள்ளத் தயாராக நிற்பது அவசியம்.

பிராஸ்டேட்டுக்கான டாம்சுலோசினும் பிரஷர் மாத்திரையும் தூக்க மாத்திரையும் இரவில் ஒன்றுசேரும்போது இப்படி நேர்வதுண்டு. எல்லா மாத்திரை அட்டைகளையும் இந்த அளவுகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

கண்புரை இருக்கிறதா என்று பரிசோதியுங்கள். அடி தேய்ந்த ரப்பர் செருப்பை மாற்றி, குதிகாலில் வார் உள்ளதை வாங்குங்கள்.

இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவராயின், தலையில் அடிபட்டால், காயமே தெரியாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.