வைப்பு நிதி என்று சொல்லி விற்கப்பட்ட பாலிசி: புகார்க் கடிதம் குறித்த கேள்விகள்

கேள்வி: வங்கிக் கிளையில், ஆண்டுக்கு 2.4 லட்ச ரூபாய் ஓய்வூதியம் பெறும் என் தந்தையின் (68) முதிர்ந்த 3 லட்ச ரூபாய் வைப்பு நிதியை, கூடுதல் வட்டி தரும் வைப்பு என்று சொல்லி வேறொன்றில் போட்டார்கள். ஓராண்டு கழித்து, அடுத்த 3 லட்சத்தைக் கட்டச் சொல்லி அறிவிப்பு வந்தபோதுதான், அது 10 ஆண்டுகள் பிரீமியம் கட்ட வேண்டிய ஆயுள் காப்பீடு என்று தெரிந்தது. கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

பதில்: ஏமாற்றிவிட்டார்கள் என்று மட்டும் எழுதினால் நிறுவனம் எளிதில் மறுத்துவிடும், வங்கிக் கணக்கில் பதிவான தேதிகளை மறுக்க முடியாது. ஆகவே, வைப்பு முதிர்ந்த நாளையும் பிரீமியம் பிடிக்கப்பட்ட நாளையும் முதலில் எழுதி, பாஸ்புக் பக்கத்தின் நகலை இணையுங்கள். அடுத்து, யார், எந்த நாளில், என்ன சொல்லி விற்றார் என்பதைத் தந்தையின் நினைவில் உள்ளபடியே எழுதுங்கள். ஊழியர் கைப்பட எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டு இருந்தால் அது மிக வலுவான சான்று.

எனினும், நான் மிகுந்த எடை தருவது வருமானக் கணக்குக்குத்தான். ஆண்டுக்கு 2.4 லட்சம் ஓய்வூதியம் பெறுபவர், ஆண்டுதோறும் 3 லட்சம் கட்டும் திட்டத்தைத் தெரிந்தே கேட்டிருக்க மாட்டார். பாலிசி கேட்டு நிரப்பித் தரும் முன்மொழிவுப் படிவத்தின் நகல் பாலிசிப் புத்தகத்துடன் வரும்; அதில் வருமானமோ தொழிலோ தவறாக எழுதப்பட்டிருந்தால், அந்த வரியைச் சுட்டிக்காட்டி, அதற்கு எதிராக ஓய்வூதியச் சான்றை இணையுங்கள்.

கோரிக்கை ஒன்றே: பாலிசியைத் தொடக்கம் முதலே ரத்துசெய்து, முழுத் தொகையையும் வட்டியுடன் திருப்பித் தர வேண்டும். கிளையில், பாலிசியை இடையில் முடித்துக்கொள்ளும் சரண்டர் படிவம் நீட்டினால் கையெழுத்திட வேண்டாம். கட்டிய பணத்தில் ஒரு பகுதியே அதில் திரும்பும். கடிதத்தில் தந்தையே கையெழுத்திட்டு, காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்பி, வங்கிக்கும் நகல் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும்.

கேள்வி: பாலிசி விவரங்களை உறுதிசெய்யக் காப்பீட்டு நிறுவனம் தொலைபேசியில் செய்த சரிபார்ப்பு அழைப்பில் எல்லாவற்றுக்கும் "ஆமாம்" என்று சொல்லிவிட்டேன். இனி வழக்கு நிற்குமா?

பதில்: அது உங்களுக்குப் பாதகம்தான், ஆனால் முடிவானதல்ல. அந்த ஒலிப்பதிவைக் கடிதத்திலேயே கேளுங்கள். பிரீமியம் எத்தனை ஆண்டுகள் என்பது அவசரமாகப் படிக்கப்பட்டதா, உங்களுக்குப் புரியும் மொழியில் கேட்கப்பட்டதா என்பதெல்லாம் அதில் தெரியும். "எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்லுங்கள்" என்று ஊழியர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் அதையும் எழுதுங்கள்.

கேள்வி: பாலிசி கைக்கு வந்து 20 நாள்தான் ஆகிறது.

பதில்: அப்படியானால் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. பாலிசி கிடைத்த நாளிலிருந்து 30 நாள்களுக்குள் அதை ரத்துசெய்யும் உரிமை உண்டு. முத்திரைக் கட்டணம் போன்ற சிறு பிடித்தம் போக மீதி திரும்பும். இன்றே எழுத்துமூலம் கேளுங்கள்.

கேள்வி: கடிதம் அனுப்பி ஒரு மாதம் கடந்தும் பதில் இல்லை.

பதில்: நிறுவனத்தைச் சாராத, ஆம்புட்ஸ்மன் எனப்படும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம், தமிழ்நாட்டுக்குரிய அலுவலகம் சென்னையில் உள்ளது. கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை விசாரிப்பார்கள். நிறுவனம் மறுத்துப் பதில் அனுப்பியிருந்தால், அந்நாளிலிருந்து ஓராண்டுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும்.