காய்ச்சலை எப்போது இறக்க வேண்டும்?

கேள்வி: என்னுடைய 4 வயது மகனுக்கு (எடை 14 கிலோ) போன மாதம் இரவில் 39.4 பாகை காய்ச்சல் அடித்தது. பனடோல் பாணி ஒரு தேக்கரண்டி கொடுத்தும் இறங்காததால் ஐஸ் தண்ணீரால் துடைத்தேன். பிள்ளை நடுங்கியது, காய்ச்சல் 39.8 ஆகியது. மூன்றாம் நாள் தானாக விட்டுவிட்டது. காய்ச்சலை இறக்குவது சரியா, விட்டுவிடுவது சரியா? – ஒரு தாய், உப்புவெளி.

பதில்:

அம்மா, ஐஸ் தண்ணீர் பட்டதும் காய்ச்சல் ஏறியதற்கான காரணத்தை முதலில் சொல்கிறேன். உடலின் வெப்பம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஐப்போதலமஸ் என்ற சிறிய பகுதி தீர்மானிக்கிறது; வழக்கமாக அந்த அளவு 37 பாகைக்கு அண்மையில் இருக்கும். கிருமி உள்ளே வந்ததும் வெண்குருதிக் கலங்கள் விடுக்கும் சில பொருட்கள், புரொஸ்டாகிளாண்டின் என்ற இரசாயனத்தின் வழியாக அந்த அளவை 39 அல்லது 40 பாகைக்கு உயர்த்திவிடுகின்றன. அப்போது 38 பாகையில் இருக்கும் பிள்ளையும் தன் உடல் குளிர்ந்திருப்பதாகவே உணர்வதால், தோலின் குருதிக் குழாய்கள் சுருங்கிக் கைகால்கள் சில்லிடுகின்றன, தசைகள் நடுங்கி வெப்பத்தை உண்டாக்குகின்றன. அந்த நேரத்தில் ஐஸ் தண்ணீரால் துடைத்தால் உடல் இன்னும் கடுமையாக நடுங்கித் தன் அளவை எட்டவே முயலும். உங்கள் மகனுக்கு நடந்தது பெரும்பாலும் அதுதான்.

பனடோல் பாணியில் உள்ள பரசிற்றமோல் வேலை செய்யும் இடம் வேறு. அது புரொஸ்டாகிளாண்டின் உற்பத்தியைக் குறைத்து, உயர்த்தப்பட்ட அந்த அளவையே கீழே கொண்டுவருகிறது. பிறகுதான் பிள்ளை வியர்த்து வெப்பத்தை வெளியேற்றும். ஆனால் நீங்கள் கொடுத்த அளவு குறைவு. ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் 14 கிலோவுக்கு 210 மில்லிகிராம் வேண்டும். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியில் அது எட்டேமுக்கால் மில்லிலீற்றர். ஒரு தேக்கரண்டி 5 மில்லிலீற்றர் மட்டுமே. செறிவு கூடிய பாணிகளும் விற்கப்படுவதால் போத்தலில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டு, அளவுக் குவளையால் அளந்து கொடுங்கள். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை, நாளொன்றுக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம். மிகையான பரசிற்றமோல் ஈரலைச் சிதைக்கும். சரியான அளவு கொடுத்தாலும் ஒன்று, ஒன்றரை பாகைதான் இறங்கும். 39.4 பாகை 38.2 ஆனால் மருந்து வேலை செய்துவிட்டது என்றே பொருள்.

அப்படியானால் கட்டாயம் இறக்கத்தான் வேண்டுமா? இல்லை. வெப்பம் கூடும்போது சில கிருமிகளின் பெருக்கம் தடைப்படுகிறது, எதிர்ப்புக் கலங்கள் விரைவாக இயங்குகின்றன. தம் உடலில் வெப்பத்தைத் தாமே உண்டாக்க முடியாத பாலைவனப் பல்லிகளுக்குக் கிருமி ஏற்றிய ஆய்வொன்று 1975இல் வெளிவந்தது. வெப்பமான இடத்தில் வைக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை பிழைத்தன, குளிரான இடத்தில் வைக்கப்பட்டவை பெரிதும் இறந்தன. ஆகவே 39 பாகையிலும் விளையாடி, நீராகாரம் குடிக்கும் பிள்ளைக்கு எண்ணைப் பார்த்து மருந்து கொடுக்க வேண்டியதில்லை. உடல்வலியால் அழுது, குடிக்க மறுத்து, தூங்காமல் தவிக்கும் பிள்ளைக்குக் கொடுங்கள். வலி தணிந்து இளநீரோ கஞ்சியோ உள்ளே போனால் அதுவே பெரிய நன்மை. இதயநோய், நுரையீரல் நோய் உள்ளவர்களின் நிலை வேறு; ஒவ்வொரு பாகை ஏற்றத்துக்கும் உடலின் ஒட்சிசன் தேவை பத்து வீதம் அளவில் கூடுவதால் அவர்களுக்குக் காய்ச்சலை இறக்குவது பயன் தரும். மருந்து வலிப்பைத் தடுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். காய்ச்சல் வலிப்பை அது தடுப்பதாகப் பெரும்பாலான ஆய்வுகள் காட்டவில்லை.

கச்சான் காற்று வீசும் நாட்களில் நடுப்பகல் வெயிலில் வலை இழுத்து மயங்கி விழுபவருக்கு வருவது காய்ச்சலே அல்ல. அங்கே மூளை வைத்த அளவு மாறவில்லை, உடல்தான் வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் தவிக்கிறது. அவருக்குப் பரசிற்றமோல் பயன்படாது. நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றி, விசிறி, உடனே வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும்.

என்னை உறுத்துவது, தானாக விட்டுவிட்டது என்ற உங்கள் வரி. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் நீங்கள் ஆறுதலடைந்திருப்பீர்கள். நம் ஊரில் மாரி மழைக்குப் பிறகு நுளம்பு பெருகும் மாதங்களில் அந்த ஆறுதல் ஆபத்தானது. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான், பெரும்பாலும் மூன்றாம் நாளுக்குப் பிறகு, குருதிக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசியத் தொடங்கும். அது ஒன்றிரண்டு நாட்கள் நீடிக்கும். காய்ச்சல் விட்டுவிட்டது என்று சொல்லி வேறொரு தாய் மடியில் வைத்திருந்த பிள்ளையின் விரல் நகத்தை அழுத்திப் பார்த்தேன். இரண்டு நொடிக்குள் திரும்பியிருக்க வேண்டிய சிவப்பு வெகு நேரம் வரவில்லை, பாதங்கள் குளிர்ந்திருந்தன. அது குணமல்ல, குருதியோட்டம் குன்றும் அதிர்ச்சி நிலையின் தொடக்கம்.

எனவே மழைக்காலக் காய்ச்சலில் பரசிற்றமோல் மட்டும் கொடுங்கள். இபுபுரூபன், டைக்ளோபெனாக், மெபனமிக் அமிலம், அஸ்பிரின் ஆகியவை இரத்தக்கசிவைக் கூட்டக்கூடும் என்பதால் அவற்றைத் தவிருங்கள். மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை செய்து வைத்தியரிடம் காட்டுங்கள். காய்ச்சல் விட்ட பின்னும் வயிற்று வலி, விடாத வாந்தி, சில்லிட்ட கைகால், சோர்வு, ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை இவற்றில் ஒன்றேனும் இருந்தால், வெப்பமானி 37 காட்டினாலும் அன்றிரவே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.