பேட்டரி மாற்றியும் நடுவழியில் நின்ற பைக்

கேள்வி: நானும் நண்பனும் ராத்திரி பைக்கில் திரும்பி வரும்போது ஹெட்லைட் மங்கிக்கொண்டே வந்தது, ஹாரன் சத்தம் குறைந்தது, கடைசியில் இன்ஜினும் நின்றுவிட்டது. செல்ஃப் எடுக்கவில்லை, தள்ளி ஸ்டார்ட் செய்தும் பயனில்லை. பேட்டரி மாற்றி நாலு மாதம்தான் ஆகிறது. கடையில் கேட்டால், "பேட்டரி செத்துப்போச்சு, இதுக்கு வாரண்டி வராது, புதுசு வாங்கிடுங்க" என்கிறார்கள். வாங்கலாமா? இனி இப்படி நின்றால் வீடு வந்து சேர என்ன வழி?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். விளக்கு முதலில் மங்கி, அப்புறம் இன்ஜின் நின்றது என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அந்த வரிசையில்தான் இருக்கிறது. ஃபியூஸ் போனாலோ பேட்டரி டெர்மினல் கழன்றாலோ பெரும்பாலும் எல்லாம் ஒரே நொடியில் அணைந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக மங்கி நிற்கிறது என்றால், ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் வரவில்லை என்று அர்த்தம். பேட்டரி தானாகவே பழுதானால் பெரும்பாலும் காலையில் ஸ்டார்ட் செய்யும்போதே தெரிந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு மின்சாரம் தருவது இன்ஜினோடு சுற்றும் மேக்னட்டும் அதன் காயிலும்தான். அது வராதபோது பேட்டரி தன்னிடம் இருப்பதைக் கொடுத்துக் கொடுத்துத் தீர்ந்துபோகிறது.

என் தம்பிக்கும் அவன் நண்பனுக்கும் இதே மாதிரி ஒரு ராத்திரி நடந்தது. அவர்கள் வீடு வந்து சேர்ந்த கதையிலேயே உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் இருப்பதால் அதைச் சொல்கிறேன்.

வண்டி ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வகை. ஹெட்லைட்டுக்குத் தனி சுவிட்ச் கிடையாது, இன்ஜின் ஓடினால் எரியும். வீட்டுக்கு இன்னும் நாற்பது கிலோமீட்டர் இருக்கும்போது வெளிச்சம் மஞ்சளடித்தது. பல்பு போகப்போகிறது என்று நினைத்துத் தம்பி ஓட்டிக்கொண்டே இருந்தான். பின்னால் உட்கார்ந்திருந்த நண்பன்தான் இன்னொன்றைக் கவனித்தான். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் இன்ஜின் ஒரு தடவை திணறியது. பிரேக் விளக்கு எரிய 21 வாட் வேண்டும். அந்தச் சின்னச் சுமையைக்கூடத் தாங்க முடியாத நிலைக்குப் பேட்டரி போயிருந்தது. அடுத்த சில நிமிடங்களில் வண்டி நின்றது. சாவியைத் திருப்பினால் பெட்ரோல் பம்ப் போடும் அந்தச் சின்ன ரீங்காரம்கூட வரவில்லை.

உங்கள் வண்டியும் இதே வகை என்றால், நீங்கள் தள்ளியும் ஸ்டார்ட் ஆகாததற்கு இதுதான் காரணம். பழைய கார்புரேட்டர் வண்டிகள் பலவற்றில் பெட்ரோல் தானாக இறங்கும். தீப்பொறிக்கான மின்சாரத்தையும் மேக்னட்டே கொடுத்துவிடும் என்பதால், பேட்டரி இல்லாமலும் தள்ளி எடுக்க முடியும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் பம்ப் ஓடி அழுத்தம் ஏறினால்தான் பெட்ரோல் உள்ளே போகும். பம்ப் ஓட மின்சாரம் வேண்டும். பேட்டரி முழுக்கக் காலியானபின் தள்ளுவது உடம்பு நோகத்தான் உதவும்.

அதற்கு முன்னால் நிறுத்தியிருந்தால் வேறு விதமாகச் சமாளித்திருக்கலாம். சுமை எடுத்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா விட்டால் தளர்ந்த பேட்டரி கொஞ்சம் தேறிக்கொள்ளும். அதை வைத்து வெளிச்சமான இடம் வரைக்கும் போய்விடலாம். ஹெட்லைட் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டால் இன்னும் தூரம் போகும் என்று சிலர் சொல்வார்கள், கணக்குப்படி அது சரிதான். 35 வாட் பல்பு ஒன்றே சுமார் மூன்று ஆம்பியர் இழுக்கிறது. ஆனால் இருட்டில் விளக்கில்லாமல் ரோட்டில் ஓட்டுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். பகலாக இருந்தால் மட்டும் அதைச் செய்யுங்கள்.

இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு தூரத்தில் தெரிந்த பெட்ரோல் பங்க்குக்குப் போனார்கள். ஒருவன் தள்ள, இன்னொருவன் பத்தடி பின்னால் போன் டார்ச்சைப் பின்பக்கம் காட்டியபடி நடந்தான். டெயில் லைட்டும் எரியாத வண்டி பின்னால் வருகிற லாரிக்குத் தெரியவே தெரியாது. ராத்திரி வண்டி தள்ளுகிறவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை இது.

பங்க்கில் ஒரு லாரி நின்றிருந்தது. அதன் பேட்டரியிலிருந்து வயர் போட்டுத் தருவாரா என்று டிரைவரைக் கேட்டார்கள். "இது 24 வோல்ட் தம்பி, உங்க வண்டி தாங்காது" என்று அவரே தடுத்துவிட்டார். நல்ல மனிதர். அவர் சரி என்று சொல்லியிருந்தால் வண்டியின் கம்ப்யூட்டர் கருகியிருக்கலாம். கனரக லாரிகளில் பெரும்பாலும் 24 வோல்ட், கார்களில் 12 வோல்ட். பைக்குக்கு உதவக்கூடியது கார் அல்லது இன்னொரு பைக்தான்.

ஜம்பர் கேபிளோடு ஒரு கார் வரும் வரை காத்திருந்த நேரத்தில் சீட்டைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார்கள். டெர்மினல் இரண்டும் இறுக்கமாக இருந்தன. காயிலின் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பக்கம் பிளாஸ்டிக் கருகிய வாடை. காயிலிலிருந்து மூன்று மஞ்சள் வயர்கள் வந்து ரெகுலேட்டரோடு சேரும் கப்ளரைக் கழற்றினால், ஒரு பின் மட்டும் கறுத்து, அதைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பாகி உருகியிருந்தது. மழைத்தண்ணீர் இறங்கியோ பின் தளர்ந்தோ தொடுப்பு சரியில்லாமல் போனால் அந்த இடம் சூடாகும். சூட்டில் தொடுப்பு இன்னும் கெடும், கெடக் கெட இன்னும் சூடாகும். மூன்று வயரில் ஒன்று விட்டுப்போனாலே சார்ஜ் வெகுவாகக் குறைந்துவிடும். பகலில் நீண்ட தூரம் வேகமாக ஓட்டும்போது அது எப்படியோ ஈடாகிவிடும், ராத்திரியில் மெதுவாக, ஹை பீம் போட்டு ஓட்டும்போது கையை விரித்துவிடும்.

பின்னைச் சாவி முனையால் சுரண்டிப் பளபளப்பாக்கி, தளர்ந்த பிடியைக் கொஞ்சம் நெருக்கி மறுபடி மாட்டினார்கள். அப்புறம் கேபிள் போடுவதற்கு முன்னாலேயே பெட்ரோலை நிரப்பிக்கொண்டார்கள். ஸ்டார்ட் ஆனபின் வீடு வரை இன்ஜினை அணைக்க முடியாதே, இது எனக்கே தோன்றியிருக்குமா என்று தெரியவில்லை.

கேபிள் போட வண்டியைப் பம்ப்புகளிலிருந்து தூரமாக, காற்றடிக்கும் இடத்துக்கும் அப்பால் நகர்த்தினார்கள். கேபிளில் பொறி பறக்கும், பெட்ரோல் ஆவிப் பக்கத்தில் அது கூடவே கூடாது. கார் இன்ஜின் அணைந்திருக்க வேண்டும். சிவப்பு கேபிளை முதலில் பைக்கின் பிளஸ்ஸில், அடுத்து காரின் பிளஸ்ஸில். கறுப்பை காரின் மைனஸில் மாட்டி, மறுமுனையைப் பைக்கின் பேட்டரியில் வைக்காமல் பெயிண்ட் இல்லாத இன்ஜின் உலோகத்தில் கடிக்க விட வேண்டும். அப்படியே ஐந்து நிமிடம் விட்டுவிட்டு செல்ஃபை அழுத்தினான் தம்பி, பிடித்துக்கொண்டது. கேபிளை எடுத்தபின் ஆக்ஸிலரேட்டரைச் சற்றுத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான்; விளக்கு மங்கவில்லை. லோ பீமில், நிதானமான ஒரே வேகத்தில், எங்கும் அணைக்காமல் வீடு வந்தார்கள். விளக்கு மறுபடி மங்கியிருந்தால் பங்க்கிலேயே வண்டியை விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். அதையும் சேர்த்தே முடிவு செய்துகொண்டுதான் கிளம்பினார்கள்.

இனி உங்கள் பேட்டரிக்கு வருவோம். காலியான பேட்டரியும் செத்த பேட்டரியும் ஒன்றல்ல. அதை முதலில் மெதுவாகச் சார்ஜ் ஏற்றச் சொல்லுங்கள். 8 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் 0.8 ஆம்பியர் அளவில், ராத்திரி முழுக்க. எடுத்துச் சில மணி நேரம் சும்மா வைத்து மல்டிமீட்டரில் பார்த்தால் 12.6 வோல்ட் பக்கம் நிற்க வேண்டும். நின்றால், செல்ஃப் அடிக்கும்போதும் பார்க்க வேண்டும்; அந்த நொடியில் 10 வோல்ட்டுக்கு ரொம்பக் கீழே சரியாமல் இருந்தால் பேட்டரி பிழைத்துவிட்டது. நாள்கணக்கில் காலியாகவே கிடந்தால் மட்டும் உள்ளே தகடு கெட்டுவிடும், அதனால் இன்றே ஏற்றுங்கள்.

அடுத்த சோதனைதான் பணத்தைக் காப்பாற்றும். அந்தப் பேட்டரியை மாட்டி இன்ஜினை ஓடவிட்டு, வேகத்தை 4000, 5000 சுற்றுக்குத் தூக்கி, பேட்டரி முனைகளில் வோல்ட் பாருங்கள். 13.5 முதல் 14.5 வரை ஏறினால் சார்ஜ் வருகிறது. தம்பி வண்டியில் மறுநாள் காலை நான் பார்த்தபோது 12.9-ஐத் தாண்டவில்லை. கப்ளரைக் கழற்றி மூன்று மஞ்சள் வயரில் இரண்டிரண்டாக ஏசி வோல்ட் பார்த்தோம். மூன்று ஜோடியும் ஒரே அளவு காட்டி, வேகத்தோடு சீராக ஏறியது. ஆக, காயில் நல்லது. உருகிய கப்ளரை வெட்டி எறிந்து புதிது போட்டதும் 14.2 வந்தது. ரெகுலேட்டரும் நல்லதுதான், பேட்டரியும் நல்லதுதான். இரண்டையும் மாற்றச் சொல்லி ஒரு கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்திருந்தார்கள், மீட்டரை எடுக்காமலேயே. இதை நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

மூன்று ஜோடியும் ஒரே அளவு காட்டாமல் ஏதாவது குறைந்தால் காயில் போயிருக்கிறது. மூன்றும் சமமாக வந்து, கப்ளரும் சுத்தமாக இருந்து, பேட்டரியில் மட்டும் வோல்ட் ஏறாவிட்டால், அல்லது 15-ஐத் தாண்டினால், ரெகுலேட்டரை மாற்றலாம். உங்கள் மாடலுக்கு உரியதையே கேளுங்கள், கப்ளர் பொருந்துகிறது என்பதற்காக வேறு மாடலுடையதைப் போடாதீர்கள். எலக்ட்ரிக்கல் பாகங்களை ஒருமுறை மாட்டிவிட்டால் பல கடைகளில் திரும்ப எடுக்கமாட்டார்கள். அதனால் சோதனை முடிந்தபின்தான் வாங்க வேண்டும். "மாத்திப் பாப்போம்" என்று சொன்னால் கழற்றியதைத் திரும்ப மாட்டித் தரச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

வாரண்டி விஷயத்தில் கடைக்காரர் சொல்வது முழுக்கத் தவறு என்றும் சொல்லமாட்டேன். வண்டியின் சார்ஜிங் கோளாறால் காலியான பேட்டரிக்குப் பல நிறுவனங்கள் மாற்றுத் தருவதில்லை, அட்டையின் பின்பக்கம் நிபந்தனையாகவே அச்சிட்டிருப்பார்கள். ஆனால் அப்படி மறுத்தால் சோதித்த அறிக்கையைக் கேளுங்கள். பில், வாரண்டி அட்டை, பேட்டரியில் பொறித்த வரிசை எண் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, சார்ஜ் ஏற்றிச் சோதித்த அளவுகளை எழுத்தில் கேளுங்கள். நீங்கள் எடுத்த அளவையும் போட்டோ பிடித்து வைத்திருங்கள். ஓடும்போது 14 வோல்ட் வருகிறது, சார்ஜ் ஏற்றியும் பேட்டரி மட்டும் நிற்கவில்லை என்று காட்ட முடிந்தால் பழுது பேட்டரியில்தான், மாற்றித் தர வேண்டியது அவர்கள் பொறுப்பு. அளவு அதற்கு மாறாக வந்தால், மெக்கானிக்கிடம் முதலில் அந்த மஞ்சள் வயர் கப்ளரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.