இரண்டு தளங்களில் நேரலை: எங்கே இடறுகிறது?

கேள்வி: என் இணைப்பின் வேகம் 100 மெகாபிட். யூடியூபில் மட்டும் நேரலை செய்தால் படம் சீராகப் போகிறது. கூடவே ட்விச்சையும் சேர்த்தால் திக்கித் திக்கி நிற்கிறது. புதிய கிராஃபிக்ஸ் கார்டு வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம்; அந்தப் பணத்தைச் செலவிடும் முன் பதிவேற்ற வேகத்தைப் பாருங்கள். திட்டத்தின் பெயரில் பெரிதாக எழுதப்படும் எண் பெரும்பாலும் பதிவிறக்கத்துக்கானது. 100 மெகாபிட் இணைப்பிலும் பதிவேற்றம் 10 மெகாபிட்டாக இருக்கலாம். கணினியைக் கேபிளில் இணைத்து, நீங்கள் வழக்கமாக நேரலை செய்யும் நேரத்தில் சில முறை அளந்து, கிடைப்பவற்றில் குறைந்த எண்ணையே கணக்கில் கொள்ளுங்கள்.

அது 10 மெகாபிட் என்றும், நேரலை மென்பொருளான ஓபிஎஸ்ஸில் காணொளிக்கு 6000, ஒலிக்கு 160 கிலோபிட் வைத்திருக்கிறீர்கள் என்றும் கொள்வோம். ஒரு தளத்துக்கு நொடிக்கு 6.16 மெகாபிட் போகிறது, அது அடங்கிவிடும். இரண்டு தளங்களுக்கு 12.32 ஆகிறது, 10 மெகாபிட் வழியில் அது போகவே முடியாது. அனுப்ப முடியாத தரவு வரிசையில் தேங்க, ஓபிஎஸ் காணொளிச் சட்டகங்களைக் கைவிடத் தொடங்குகிறது. அதைத்தான் Stats சாளரத்தில் Dropped Frames என்ற எண் காட்டுகிறது. ஒரு தளத்தை நிறுத்தியதும் அந்த எண் ஏறாமல் நின்றுவிட்டால், குறை இணைப்பில்தான் இருக்கிறது. மாறாக, encoding lag அல்லது rendering lag என்ற எண் ஏறினால் கணினியைச் சந்தேகிக்க வேண்டும்.

பலர் இடறுவது இங்கேதான்: இரண்டு வெளியீடுகளும், காணொளியைச் சுருக்கும் ஒரே என்கோடரைப் பகிர்ந்துகொள்ளும்படி அமைத்தால் கணினியின் சுமை குறையும், ஆனால் அதே தரவு இருமுறை வெளியே போவதால் இணைப்பின் சுமை சிறிதும் குறையாது.

அளந்த வேகத்தில் முக்கால் பங்குக்கு மேல் பயன்படுத்தாதீர்கள் என்பது என் கருத்து; வீட்டில் ஒருவர் படங்களைப் பதிவேற்றத் தொடங்கினாலும் தாங்க அந்த மிச்சம் வேண்டும். உங்களுக்கு அது 7.5 மெகாபிட். ஒவ்வொரு தளத்துக்கும் 3500 கிலோபிட் வைத்தால் ஒலியோடு சேர்த்து 7.32 ஆகும், 720p, 30 சட்டகங்களுக்கு இது போதும். வேகமாக ஓடும் விளையாட்டுகளில் மட்டும் படம் சற்றுக் கலங்கும்.

தரத்தைக் குறைக்க மனமில்லையென்றால், உங்கள் ஒரே ஓட்டத்தைப் பெற்றுத் தன் சர்வரிலிருந்து இரு தளங்களுக்கும் பிரித்து அனுப்பும் இடைநிலைச் சேவையைப் பயன்படுத்தலாம். அப்போது வீட்டிலிருந்து 6.16 மட்டுமே போகும். ஆனால் அந்தச் சேவை நின்றால் இரண்டு நேரலைகளும் சேர்ந்தே நின்றுவிடும்.

இணைப்பையே மாற்றுவதானால், 12.32 முக்கால் பங்காக அடங்க ஏறக்குறைய 16.5 மெகாபிட் பதிவேற்றம் தேவை. 20 உள்ள திட்டமாகப் பாருங்கள், அந்த எண்ணை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே கையெழுத்திடுங்கள்.