சிரோசிஸ் நோயாளிக்குக் காய்ச்சல்: வயிற்று நீரை ஏன் எடுக்கிறார்கள்?

"அப்பாவுக்குக் கல்லீரல் சிரோசிஸ், வயிற்றில் நீர். நேற்றிலிருந்து காய்ச்சல், வயிற்றைத் தொட்டாலே வலி. ஊசி குத்தி நீர் எடுக்கணுமாம். ரத்தம் சீக்கிரம் உறையாதவருக்கு இது அவசியமா?"

அவசியம், அதுவும் இன்றே. குடலில் இருக்கும் கிருமிகள் தேங்கிய நீருக்குள் போய்ப் பெருகியிருக்கலாம். சிரோசிஸில் அந்த நீரில் கிருமியை எதிர்க்கும் புரதம் குறைவு. தொட்டுப் பார்த்தோ ஸ்கேன் எடுத்தோ இதை உறுதி செய்ய முடியாது. மெல்லிய ஊசிதான், ரத்தக்கசிவு அரிது. ரத்தம் உறையும் நேரம் கூடியிருப்பது மட்டும் இதைத் தள்ளிப்போடக் காரணமாகாது.

முதலில் பார்ப்பது நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கை. ஒரு கன மில்லிமீட்டரில் 250 அல்லது அதற்கு மேல் இருந்தால் தொற்று என்றே எடுத்துக்கொள்வார்கள். ரிப்போர்ட்டில் மொத்த வெள்ளணு 800, நியூட்ரோபில் 70% என்று இருந்தால், 560. அன்றே ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். ஊசி குத்தும்போது ரத்தம் கலந்துவிட்டால் எண்ணிக்கை பொய்யாக ஏறும். அப்போது 250 சிவப்பணுவுக்கு ஒரு நியூட்ரோபில் வீதம் கழிப்பார்கள்.

அப்புறம் கல்ச்சர், அதாவது நீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை. கட்டிலருகிலேயே ரத்தக் கல்ச்சர் பாட்டிலில் 10 மில்லி நீரை விட்டால்தான் கிருமி வளர வாய்ப்பு அதிகம். ஆன்டிபயாடிக்குக்கு முன்பே எடுக்கச் சொல்லுங்கள். முடிவு வர நாளாகும், பல நேரம் எதுவும் வளராது. எண்ணிக்கை 560 இருக்கையில் "கல்ச்சர் நார்மல்" என்றால் தொற்று இல்லை என்று அர்த்தமில்லை, மருந்தை நிறுத்தக் கூடாது.

சிறுநீரகம் பழுதாகாமல் இருக்க ஆல்புமின் என்ற புரதத்தையும் ஏற்றுவார்கள். சிறுநீர் குறைந்தாலோ பேச்சு குழறினாலோ உடனே சொல்லுங்கள்.