பில்லைப் பிரித்துக் கூட்டுங்கள், வழக்கு பிறகு

கேள்வி: அப்பாவுக்குக் கால் எலும்பு முறிந்து ஆபரேஷன் செய்து, ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தார். பில் 1,68,000 ரூபாய். அறை வாடகை வரம்பு தாண்டியதாகச் சொல்லி இன்சூரன்ஸில் 1,12,000தான் கொடுத்தார்கள். பில்லின் கூட்டலும் சரியில்லை. கவுன்டரில் எங்களை மதிக்கவே இல்லை. ஒரிஜினல் இன்சூரன்ஸிடம் இருக்கிறது, என்னிடம் போட்டோதான். இரண்டு பேர் மேலும் வழக்குப் போடலாமா?

பதில்: கவுன்டர் விஷயத்தை விடுங்கள். நாளுக்கு 4,000 வரம்புள்ள பாலிசியில் 6,000 அறை எடுத்ததால், மொத்த பில்லிலும் மூன்றில் ஒரு பங்கை வெட்டியிருக்கிறார்கள். வெட்டக் கூடாத இடத்திலும் வெட்டினார்களா என்பதுதான் கேள்வி. 2020இல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த விதிப்படி மருந்து, உடலுக்குள் பொருத்தும் இம்பிளாண்ட், பரிசோதனைச் செலவுகளில் இந்த விகிதக் கழிவு கூடாது. உங்கள் பாலிசியின் வரையறைப் பகுதியிலும் இது இருக்கிறதா என்று பாருங்கள்.

போட்டோவில் எல்லாப் பக்கமும் இருக்கிறதா என்று பக்க எண்ணை வைத்துச் சரிபார்த்து, ஒவ்வொரு வரியையும் நான்கு பிரிவுகளில் ஒன்றில் போடுங்கள். அறை 30,000, ஆபரேஷன் 78,000, மருந்து 41,460, பரிசோதனை 18,540. கூட்டினால் 1,68,000 சரியாக வருகிறது.

கூட்டல் உதைப்பதாக நீங்கள் சொல்வது மருந்தில்தான். வரிகளைக் கூட்டினால் 43,800, அச்சில் 41,460. வித்தியாசமான 2,340, திருப்பிக் கொடுத்த மருந்துக்கான வரவு. அது அடுத்த பக்கத்தின் உச்சியில் தனி வரியாக நிற்கிறது. முந்தைய பக்கத்திலிருந்து கொண்டுவந்த தொகையையும் சேர்த்து இரண்டு முறை கூட்டிவிட்டு மோசடி என்று எழுதுபவர்களும் உண்டு. அந்த ஒரு தவறைக் காட்டியே எதிர்த்தரப்பு வக்கீல் மனு முழுவதையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடுவார். மருத்துவமனையை இதில் இழுக்காதீர்கள்.

பெரிய பள்ளம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆபரேஷன் தலைப்புக்குள் பிளேட், ஸ்க்ரூ என்று 18,000 இருக்கிறது. தலைப்பை நம்பி அங்கேயே விட்டால் அதற்கும் 6,000 வெட்டு விழும். அது இம்பிளாண்ட், தனியே எடுங்கள். அதன் ஸ்டிக்கரும் வாங்கிய இன்வாய்ஸும் இல்லாமல் வாதம் நிற்காது என்பதால், மருத்துவமனையில் நகல் கேளுங்கள். அதோடு முத்திரையிட்ட டூப்ளிகேட் பில்லும் வாங்கிவிட்டால் போட்டோவை நம்பியிருக்க வேண்டாம்.

இப்போது கணக்கு இதுதான்: அறையில் 10,000, ஆபரேஷனில் மீதமுள்ள 60,000த்தில் 20,000, ஆக 30,000தான் வெட்டலாம். வெட்டியது 56,000. உங்களுக்கு வர வேண்டியது 26,000. அறை வாடகைக்குத் தக்கபடி மற்றக் கட்டணங்களை மாற்றாத மருத்துவமனை என்றால் ஆபரேஷனிலும் வெட்டக் கூடாது. அதை எழுத்தில் வாங்க முடிந்தால் தொகை கூடும்.

இந்த நான்கு பிரிவுத் தாளை இணைத்து இன்சூரன்ஸின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு அனுப்புங்கள். மறுத்தாலோ ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. மறுத்த நாளிலிருந்து ஓராண்டு தாண்டினால் கதவு மூடிவிடும். நடுவில் இம்பிளாண்டில் வெட்டிய 6,000ஐ மட்டும் விட்டுவிட்டு 20,000 தருவதாக இன்சூரன்ஸ் சொன்னால் வாங்கிக்கொள்ளுங்கள். மீதி ஆறாயிரத்துக்கு நுகர்வோர் ஆணையத்துக்கு அலைந்தால் பஸ் செலவும் லீவும்தான் மிஞ்சும்.